கணக்கு பூட்டுப்படுமுன் ஆளைச் சேர்த்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுள் கணக்கில் "Recovery contacts" என்று ஒன்று காட்டுகிறது. என் போன் நம்பரை ஏற்கெனவே கொடுத்துத்தானே வைத்திருக்கிறேன், இது எதற்கு?

நம்பர் உங்கள் போனோடு போய்விடும். ஆள் போகமாட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

போன் தொலைந்தால் அதற்குள் இருக்கும் சிம்மும் சேர்ந்துதான் தொலைகிறது. கூகுள் அனுப்பும் குறியீடு அந்தச் சிம்முக்குத்தான் போகும். புதுச் சிம் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகி இருந்தால். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் அம்மாவின் சிம் அப்பாவின் பெயரிலும், தம்பியின் சிம் வெளிநாடு போன அண்ணாவின் பெயரிலும் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெயருக்குரியவர் இங்கே இல்லையென்றால் அதே நம்பரைத் திரும்ப எடுப்பது இழுபடும் வேலை.

இந்த இடத்தில்தான் மீட்புத் தொடர்பு உதவுகிறது. கூகுள் இதை 2025 ஒக்ரோபரில் கொண்டு வந்தது. நம்பிக்கையான சிலரை முன்கூட்டியே சேர்த்து வைத்தால், நீங்கள் வெளியே பூட்டுப்பட்ட நாளில் அவர்களில் ஒருவர் "ஓம், இவர் அவர்தான்" என்று தன் போனிலிருந்து உறுதிப்படுத்துவார். கிராம அலுவலர் நம்மைத் தெரியும் என்று கையெழுத்து வைத்துத் தருகிற மாதிரி ஒரு வேலை. ஆனால் பூட்டுப்பட்ட பிறகு யாரையும் சேர்க்க முடியாது. சேர்ப்பதற்கு உள்ளே போக வேண்டும், உள்ளே போக முடியாததுதானே பிரச்சினை.

நான் சேர்க்கும் ஆளுக்கு என் மெயில், படம், பாஸ்வேர்ட் எல்லாம் தெரிய வருமா?

வராது. உங்கள் கணக்கின் கதவே அவருக்குத் திறக்காது. நீங்கள் உதவி கேட்கும்போது அவருக்கு ஒரு அறிவித்தல் போகும், அதில் மூன்று எண்கள் இருக்கும். உங்கள் திரையில் ஒரு எண் இருக்கும். நீங்கள் சொல்லும் எண்ணை அந்த மூன்றில் பார்த்து அவர் தொட வேண்டும். அவர் செய்வது அவ்வளவுதான்.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். உங்கள் ஈமெயில் முகவரி அவருக்குத் தெரியும். அவர் மனம் வைத்தால் உங்கள் பெயரில் தானே மீட்பைத் தொடங்கி, தானே தன் போனில் உறுதிப்படுத்தவும் முயன்று பார்க்கலாம். கூகுள் அந்த ஒரு தொடுகையை மட்டும் நம்பித் திறந்து விடுவதில்லை, எந்தக் கருவி, எந்த இடம் என்று வேறு விஷயங்களையும் பார்க்கும், உங்கள் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பும். இருந்தாலும் ஆளைத் தெரிவு செய்யும்போது இதை மனதில் வைத்திருங்கள். காணி வழக்கு நடக்கிற சகோதரரை இந்தப் பட்டியலில் போடத் தேவையில்லை.

மகன் கனடாவில் இருக்கிறான். கணினி எல்லாம் அவனுக்கு நல்லாகத் தெரியும். அவனை மட்டும் போட்டால் போதாதா?

மகனைப் போடுங்கள், ஆனால் மகனை மட்டும் போடாதீர்கள். காரணம் மணிக்கூடு.

உங்கள் திரையில் வரும் எண்ணுக்கு 15 நிமிடம்தான் ஆயுள். அதற்குள் நீங்கள் அவரிடம் எண்ணைச் சொல்ல வேண்டும், அவர் தன் போனைத் திறந்து சரியான எண்ணைத் தொட வேண்டும். போன் தொலைவதும், பாஸ்வேர்ட் மறந்து தடுமாறுவதும் பெரும்பாலும் பகலில் நடக்கும். யாழ்ப்பாணத்தில் காலை 10.40 என்றால் கோடை காலத்தில் ரொறன்ரோவில் நள்ளிரவு தாண்டி 1.10. குளிர் காலத்தில் 12.10. மகன் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுத்திருப்பான். லண்டன் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, கோடையில் காலை 6.10 ஆகியிருக்கும்.

பின்னேரம் 6 மணிக்குப் பிறகு ரொறன்ரோவில் விடிந்துவிடும், அப்போது மகனைப் பிடிக்கலாம். ஆனால் கள்ளன் கையில் போன் இருக்கும்போது காலையிலிருந்து பின்னேரம் வரை காத்திருப்பது நல்லதல்ல.

கூகுள் 10 பேர் வரைக்கும் இடம் தருகிறது. அவ்வளவு தேவையில்லை. என் எண்ணத்தில் மூன்று பேர் போதும்: இங்கேயே இருக்கும் இருவர், வெளிநாட்டில் ஒருவர். இங்கே இருக்கும் இருவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. ஒரே வீடு என்றால் கள்ளன் வந்த நாளில் இரண்டு போனும் சேர்ந்தே போகும். மற்றது, அவர்கள் தங்கள் ஜிமெயிலைத் தாங்களே திறந்து பார்க்கிறவர்களாக இருக்க வேண்டும். அன்பான, ஆனால் "போனைப் பிள்ளைதான் பார்ப்பான்" என்று சொல்லும் பெரியம்மாவைச் சேர்த்தால் உண்மையில் நீங்கள் சேர்த்தது அந்தப் பிள்ளையைத்தான்.

சரி, எப்படிச் சேர்ப்பது?

அன்ட்ரொயிட் போனில் Settings போய், Google என்பதைத் தொட்டு, உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்து, Security என்று வரும் பகுதிக்குப் போங்கள். மீட்பு ஈமெயில், மீட்பு நம்பர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் "Recovery contacts" இருக்கும். தேட அலுப்பாக இருந்தால் பிரவுசரில் இந்த முகவரியைத் தட்டலாம்:

```
g.co/recovery-contacts
```

அங்கே சேர்க்கச் சொல்லும் பொத்தானைத் தொட்டு, அவரின் ஜிமெயில் முகவரியைக் கொடுங்கள். நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்று உறுதிப்படுத்தச் சொல்லும், அப்போது பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கலாம். அதன் பிறகு அவருக்கு அழைப்புப் போகும்.

இங்கேதான் பலர் "முடிந்தது" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. அவர் அழைப்பைத் திறந்து ஏற்க வேண்டும். ஏற்காதவர் உங்கள் பட்டியலில் வெறும் பெயர், ஆபத்து நாளில் உதவமாட்டார். ஆகவே அழைப்பை அனுப்பிய கையோடு கோல் எடுத்து, "கூகுளில் இருந்து ஒன்று வந்திருக்கும், நான்தான் அனுப்பினேன், திறந்து பார்" என்று சொல்லுங்கள். ஒரு விதத்தில் இது பரீட்சையும்தான். அழைப்பு மெயிலை அவர் ஒரு கிழமையாகியும் பார்க்கவில்லை என்றால், 15 நிமிடத்துக்குள் எண்ணைத் தொடுவார் என்று எப்படி நம்புவது? வேறு ஆளைப் பாருங்கள்.

வேலையிடமோ படிக்கும் இடமோ தந்த கூகுள் கணக்கிலும், சிறுபிள்ளைகளுக்கென்று பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கிலும் இப்படி ஆள் சேர்க்க முடியாது. அந்த வேலையிடத்துக் கணக்கு பூட்டுப்பட்டால் அங்குள்ள நிர்வாகியைத்தான் பிடிக்க வேண்டும்.

அம்மாவின் கணக்கைப் போன் வாங்கிய கடையில்தான் திறந்து தந்தார்கள். அதில் ஏதும் பிரச்சினை இருக்கிறதா?

ஆளைச் சேர்க்குமுன் பார்க்க வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

போன் கடையிலும் கொம்யூனிகேசன் கடையிலும் வயதானவர்களுக்குக் கணக்குத் திறக்கும்போது மீட்பு ஈமெயில் கேட்கும். அம்மாவிடம் வேறு ஈமெயில் இல்லை. கடைத் தம்பி வேலை முடியட்டும் என்று தன்னுடையதைப் போட்டுவிடுவான். நம்பர் கேட்டால் கடை நம்பர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பின்னால் நிற்கும் ஆட்களைப் பார்த்து அவசரப்பட்டிருப்பான். ஆனால் அந்தக் கணக்கை மீட்கும் உரிமை இப்போது கடையிடம் இருக்கிறது. கடை மூடினாலோ, அந்த நம்பர் வேறு ஆளிடம் போனாலோ யாரிடம் போய்க் கேட்பது?

அதே Security பக்கத்தில் மீட்பு ஈமெயில், மீட்பு நம்பர் இரண்டையும் திறந்து பாருங்கள். தெரியாத முகவரி, கடைசி இலக்கங்கள் பழக்கமில்லாத நம்பர் இருந்தால் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஒரு 7 நாளுக்குப் பழைய நம்பருக்கோ ஈமெயிலுக்கோ குறியீடு அனுப்பலாமா என்று கூகுள் கேட்கக்கூடும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். உண்மையில் அந்த ஏற்பாடு நம் நன்மைக்குத்தான்: கள்ளன் உள்ளே புகுந்து நம்பரை மாற்றிவிட்டாலும், அந்த நாட்களுக்குள் நம் பழைய நம்பரை வைத்துத் திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

அப்புறம், அம்மாவின் போனில் இருப்பது அம்மாவின் கணக்குத்தானா என்றும் பாருங்கள். மகனின் பழைய போனை அம்மா பாவிக்கும் வீடுகளில் அது பல சமயம் மகனின் கணக்காகவே ஓடிக்கொண்டிருக்கும்.

பூட்டுப்பட்ட நாளில் உண்மையில் என்ன நடக்கும்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கொக்குவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மாமி என்று வைப்போம். ஓகஸ்ட் மாதம் ஒரு காலை திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிவிட்டுக் காசு எடுக்கப் பார்த்தால் பையில் போன் இல்லை. சிம் காலமான கணவரின் பெயரில். ஜிமெயில் பாஸ்வேர்ட் நினைவில் இல்லை, போனில் எப்போதும் திறந்தே இருந்ததால் அதைத் தட்டும் தேவை வரவில்லை. மீட்புத் தொடர்புகள் மூன்று பேர்: ரொறன்ரோவில் மகன், சுன்னாகத்தில் தமையனின் மகளான மருமகள், கூடப் படிப்பித்த ஒரு ரீச்சர்.

மாமி முதலில் வீட்டுக்கு வருகிறார். இது நல்ல முடிவு. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து யாரோவின் போனில் மீட்க முயன்றால் கூகுளுக்கு அது புது இடம், புதுக் கருவி, சந்தேகம் கூடும். வீட்டில் பேரப்பிள்ளைகள் பாவிக்கும் ஒரு ரப் இருக்கிறது. முன்பு மாமி அதில் தன் கணக்கால் யூரியூப் பார்த்திருக்கிறார். வீட்டு வைஃபையும் பழகியதுதான். அதில் முயன்றால் வாய்ப்பு அதிகம்.

இப்போது அவசரப்பட்டு ரப்பைத் திறக்கக்கூடாது. முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் மீட்பைத் தொடங்க வேண்டும். எண் வந்ததும் 15 நிமிடம் ஓடத் தொடங்கிவிடும். எண் வந்த பிறகு ஆளைத் தேடினால் நேரம் பறந்துவிடும்.

அடுத்த சிக்கல்: மருமகளின் நம்பர் என்ன? அது தொலைந்த போனில் இருக்கிறது. போனில் இருக்கும் நம்பர்கள் கூகுள் கணக்கில் சேமிப்பில் இருக்கும், அந்தக் கணக்கு பூட்டுப்பட்டிருக்கிறது. நல்லவேளையாக மாமி மூன்று நம்பரையும் சமையலறை நாட்காட்டியின் கடைசித் தாளுக்குப் பின்னால் பேனையால் எழுதி வைத்திருக்கிறார். இதைச் செய்யாமல் ஆளைச் சேர்த்து மட்டும் வைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

நேரம் 10.40. மகனுக்கு நள்ளிரவு. ஆகவே பக்கத்து வீட்டுப் போனில் சுன்னாகத்துக்கு எடுக்கிறார்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"பிள்ளை, நான் மாமி. போன் துலைஞ்சு போச்சு. அண்டைக்குச் சொன்னன் எல்லே, அந்தக் கூகுள் விசயம், உன்னை இப்ப கேக்கப் போகுது."

"மாமி, குறை நினையாதேங்கோ, ஒண்டு கேக்கிறன். போனமுறை இஞ்சை வரேக்கை என்ன கொண்டந்தனீங்கள்?"

"ஒடியல் மாவும் ரெண்டு முருங்கைக்காயும். ஏன் பிள்ளை இப்ப அது?"

"அப்ப சரி. தொடங்குங்கோ, நான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

மாமி ரப்பில் g.co/recover என்று தட்டி, தன் ஈமெயில் முகவரியைக் கொடுக்கிறார். பாஸ்வேர்ட் கேட்கிறது, தெரியாது. வேறு வழியைப் பார்க்கும் "Try another way" என்பதைத் தொடுகிறார். ஓரிரு தெரிவுகளைத் தாண்டி மீட்புத் தொடர்புகள் வருகின்றன. மருமகளைத் தெரிவு செய்ததும் திரையில் ஒரு எண், 47 என்று வைப்போம். மாமி அதைப் போனில் வாய்விட்டுச் சொல்கிறார். சுன்னாகத்துத் திரையில் 12, 47, 83 என்று மூன்று. மருமகள் 47ஐத் தொடுகிறார். ரப்பில் புதுப் பாஸ்வேர்ட் வைக்கும் பக்கம் திறக்கிறது.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று சொல்லமாட்டேன். சந்தேகம் இருந்தால் கூகுள் இன்னொரு கேள்வி கேட்கும், அல்லது கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லும். சில வேளை மீட்புத் தொடர்பு என்ற தெரிவையே காட்டாது. அப்படியானால் அன்றைக்கே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே வீட்டில், அதே கருவியில், பிறகு ஆறுதலாக முயல வேண்டும்.

உள்ளே போனதும் மாமி செய்ய வேண்டியவை இரண்டு. "Your devices" என்ற பட்டியலில் தொலைந்த போனைக் கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும். மீட்பு நம்பராக இருக்கும் கணவரின் சிம் நம்பரை எடுத்துவிட்டு, தன் சொந்த அடையாள அட்டையில் எடுக்கும் புது நம்பரைப் போட வேண்டும்.

என்னை வேறு ஒருவர் மீட்புத் தொடர்பாகச் சேர்த்திருக்கிறார். கள்ளன் என்னை ஏமாற்றி உறுதிப்படுத்த வைத்தால்?

நடக்கக்கூடியதுதான். மேலே மருமகள் ஒடியல் மாவைப் பற்றிக் கேட்டது அதற்காகத்தான்.

விதி ஒன்றுதான்: குரலைக் கேட்காமல் எண்ணைத் தொடாதீர்கள். வட்ஸ்அப்பில் எழுத்தாக எண் வந்தால் தொடக்கூடாது, அது மாமியின் சொந்த நம்பரிலிருந்து வந்தாலும். தொலைந்த போனை வைத்திருப்பவன் கையில்தான் மாமியின் வட்ஸ்அப்பும் இருக்கிறது, அதிலிருந்து "பிள்ளை, 47ஐ அமத்து" என்று எழுதுவது அவனுக்குப் பெரிய வேலை இல்லை. கதைத்துப் பாருங்கள், முடிந்தால் முகம் பார்த்துக் கதையுங்கள். குரல் சரியாக இருந்தாலும் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைக் கேளுங்கள். பிறந்த திகதி, படித்த பாடசாலை மாதிரியான கேள்விகள் வேண்டாம், அதெல்லாம் பேஸ்புக்கில் கிடக்கும்.

யாரும் கோல் எடுக்காமல் திடீரென்று மூன்று எண்களோடு அறிவித்தல் வந்தால், அது உங்கள் ஆள் அனுப்பியதுதான் என்று உறுதிப்படும்வரை ஒன்றையும் தொடாதீர்கள். குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் கள்ளனுக்குக் கதவைத் திறந்து கொடுத்துவிடுவீர்கள். மறுத்துவிட்டு அவருக்குக் கோல் எடுத்து, "உங்கள் கணக்கை ஆரோ தட்டுகிறான்" என்று சொல்லுங்கள். நீங்கள் காவலாளாகவும் இருக்கிறீர்கள் என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

பத்துக் குறியீடு எடுத்து அச்சடித்து வைத்திருக்கிறேன். அது இருந்தால் ஆள் தேவையில்லைத்தானே?

அது வேறு பூட்டுக்கு. நீங்கள் சொல்வது "Backup codes", எட்டு இலக்கம் கொண்ட பத்துக் குறியீடுகள். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பாவிக்கலாம். அது உதவுவது இரண்டாவது படிக்கு, அதாவது பாஸ்வேர்டைச் சரியாகத் தட்டிவிட்டுப் போன் கையில் இல்லாமல் நிற்கும் நேரத்துக்கு. பாஸ்வேர்டே மறந்துபோனால் அந்தத் தாள் உங்களை உள்ளே விடாது. மாமியின் கதை அந்தப் பாஸ்வேர்ட் மறந்த கதைதான்.

இரண்டும் இருப்பது நல்லது. தாளைக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் கோப்பிலேயே வைக்கலாம். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய தாள் செல்லாது, அதைக் கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேவையான நாளில் பழைய தாள்தான் கையில் அகப்படும்.

அண்ணா அனுப்பிய ஐபோன் வைத்திருக்கிறேன். அதற்கும் இப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது, கூகுளுக்கு முன்பே வந்தது. 2021இல் ஐஓஎஸ் 15ஓடு அப்பிள் கொண்டு வந்தது. Settings திறந்து மேலே உங்கள் பெயரைத் தொட்டு, "Sign-In & Security" போய், "Recovery Contacts" என்பதைத் தொடுங்கள். ஐந்து பேர் வரை சேர்க்கலாம். இங்கேயும் அவர் ஏற்க வேண்டும்.

வேலை செய்யும் விதம் எதிர்ப்பக்கமானது. கூகுளில் எண் உங்கள் திரையில் வந்து நீங்கள் அவரிடம் சொல்வீர்கள். அப்பிளில் அவர் தன் போனின் அதே பக்கத்தில் உங்கள் பெயரைத் தொட்டு ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை எடுத்து உங்களிடம் சொல்வார், நீங்கள் அதை உங்கள் கருவியில் தட்டுவீர்கள். ஆகவே ஏமாற்றுக்காரன் குறிவைப்பது அவரைத்தான். குறியீட்டைக் கோலில் சொல்ல வேண்டும், எழுதி அனுப்பக்கூடாது.

யாழ்ப்பாணத்துக்குப் பெரிய சிக்கல் வேறு: அந்த ஆளிடமும் அப்பிள் கருவி இருக்க வேண்டும், 13 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும், அவரின் கணக்கில் இரண்டு படிப் பாதுகாப்பு போட்டிருக்க வேண்டும். இங்கே சுற்றிவர எல்லாரிடமும் அன்ட்ரொயிட். கடைசியில் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் வெளிநாட்டு உறவுகளாகத்தான் இருப்பார்கள், திரும்பவும் நள்ளிரவுப் பிரச்சினை. அப்படியானால் ஒரே நாட்டில் இருவரைப் போடாமல் லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர், அவுஸ்திரேலியாவில் ஒருவர் என்று பிரித்துப் போடுங்கள். எந்த நேரமும் ஒருவராவது விழித்திருப்பார்.

சேர்க்குமுன் இன்னொன்று. அண்ணா தன் கணக்கைப் போட்டபடியே போனை அனுப்பியிருந்தால், மேலே பெயர் இருக்கும் இடத்தில் அண்ணாவின் பெயர்தான் காட்டும். அப்படியானால் அவர் உதவியோடு அதை எடுத்துவிட்டு உங்கள் சொந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

பேஸ்புக்கிலும் மூன்று நண்பர்களைச் சேர்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். வட்ஸ்அப்பில்?

பேஸ்புக்கில் இருந்தது, இப்போது இல்லை. மூன்று முதல் ஐந்து நண்பர்களைச் சேர்த்து வைத்து, அவர்களிடமிருந்து குறியீடு வாங்கி உள்ளே வரும் "Trusted Contacts" என்ற ஏற்பாட்டைப் பேஸ்புக் 2022இல் நிறுத்திவிட்டது. ஆகவே "என்னைப் பேஸ்புக்கில் மீட்க உன்னைச் சேர்த்திருக்கிறேன், உனக்கு வரும் குறியீட்டை அனுப்பு" என்று மெசேஜ் வந்தால் அது மோசடி. அந்தக் குறியீடு உங்கள் சொந்தக் கணக்கைத் திறப்பதற்கானது.

வட்ஸ்அப்பில் நண்பரை வைத்து மீட்கும் வழியே இல்லை. அது சிம் நம்பரோடு ஒட்டியது. அங்கே முன்கூட்டிச் செய்யக்கூடியது, Settings, Account, "Two-step verification" போய் ஆறு இலக்க பின் ஒன்று வைத்து, அதோடு ஒரு ஈமெயிலும் கொடுப்பது. ஈமெயில் கொடுக்காமல் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும். அந்த ஈமெயிலுக்கு ஜிமெயிலைக் கொடுத்திருந்தால், அந்த ஜிமெயிலுக்கு ஆள் சேர்த்து வைப்பதால் வட்ஸ்அப்பும் கொஞ்சம் காப்பாகிறது. அன்ட்ரொயிடில் பழைய உரையாடல்களின் பிரதியும் கூகுள் கணக்கில்தான் இருக்கிறது.

நான் இறந்த பிறகு பிள்ளைகள் என் கணக்கைத் திறக்க இது உதவுமா?

இல்லை, இது உயிரோடு இருப்பவர் திரும்பி வருவதற்கு. அந்தத் தேவைக்குக் கூகுளில் "Inactive Account Manager" இருக்கிறது. கணக்கு 3 முதல் 18 மாதம் வரை, நீங்கள் குறிக்கும் காலம், அசைவில்லாமல் கிடந்தால் நீங்கள் சொன்னவர்களுக்குத் தகவலும் தரவும் போகும். ஐபோனில் "Legacy Contact". இரண்டையும் தனியாகத்தான் போட வேண்டும், மீட்புத் தொடர்பாகச் சேர்த்த ஆள் தானாக அங்கே வந்துவிடமாட்டார்.

சேர்த்தவரைப் பிறகு எடுத்துவிடலாமா? அவருக்குத் தெரியாமல் எடுக்க முடியுமா?

எப்போதும் எடுக்கலாம், அதே பக்கத்திலேயே. அவரும் தன் பக்கத்திலிருந்து விலகலாம். தெரியாமல் எடுப்பதைப் பற்றிக் கவலைப்படுவதை விட, எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் விடுவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். மனம் முறிந்த உறவு, காலமானவர், ஜிமெயிலையே கைவிட்டவர் எல்லாரும் பட்டியலில் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

எப்போது பார்க்க வேண்டும் என்றால், பட்டியலில் இருக்கும் யாராவது போன் மாற்றும்போதும் நாடு மாறும்போதும். சுன்னாகத்து மருமகளுக்கு விசா கிடைத்து ரொறன்ரோ போகிறாள் என்றால் அவளை எடுக்கத் தேவையில்லை, ஆனால் பகலில் பிடிக்கக்கூடிய ஆள் ஒருவர் குறைந்துவிட்டார். அந்த இடத்துக்கு இங்கே இருக்கும் இன்னொருவரைச் சேர்த்து, அவர் ஏற்றதையும் பார்த்துவிட்டு, நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கும் நம்பரையும் மாற்றி எழுதுங்கள்.